கடிதத்தின் பின்பக்கம்

திருகோணமலையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அலுவலகம் கிடையாது. ஒரு லப்டொப், ஒரு கல்குலேட்டர், ஒரு பழைய ஸ்கூட்டி. இதற்கு முன் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். இந்தக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். மாரி தொடங்கினால் அறைகள் காலி, அப்புறம் எங்கள் நாட்களையும் குறைப்பார்கள். ஆறாவது மாரியோடு போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

வந்தவுடன் செய்த முதல் வேலை, ஒரு அறிமுகக் கடிதம் எழுதியது. ஏ4 தாளில், அச்சடித்து, நேர்த்தியாக. "சிறு வணிகங்களுக்கான கணக்கியல் சேவை" என்று தலைப்பு. கீழே என் படிப்பு, அனுபவம், எக்செல் தெரியும், இரண்டு கணக்கு மென்பொருள் தெரியும், மாத அறிக்கை, இலாப நட்டக் கணக்கு, ஐந்தொகை. கடைசியில் தொலைபேசி இலக்கம். பதினொரு கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கினார்கள். ஒருவரும் அழைக்கவில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பாலையூற்றுப் பக்கம் உள்ள பலசரக்குக் கடை. நான் அங்கே வழக்கமாகச் சாமான் வாங்குகிறவள்தான். இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய் இரவு, எட்டரை மணியளவில், முட்டை வாங்கப் போனேன். முதலாளி அண்ணா லாச்சியை வெளியே இழுத்து வைத்துக் காசு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தால், அது என் கடிதம். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததல்லவா. அதில் இப்படி இருந்தது:

46,300
10,000
36,300

கடைசி இலக்கத்துக்குக் கீழே இரண்டு கோடு. அந்த 36,300ஐ அப்படியே பார்த்து சி.ஆர். கொப்பியில் அன்றைய திகதிக்கு நேரே எழுதினார். கடிதத்தைத் திரும்ப மடித்துக் கொப்பிக்குள் வைத்தார்.

கொஞ்சம் சுட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று வரியில் வேறு ஒன்று என் கண்ணில் பட்டது. பின்னேரம் நான் பாண் வாங்க வந்தபோது ஒரு பிஸ்கட் கொம்பனி ரெப் வந்து நின்றார். அவருக்கு அண்ணா இதே லாச்சியிலிருந்து ஒரு கட்டு நோட்டு எண்ணிக் கொடுத்ததைப் பார்த்திருந்தேன்.

"அண்ணா, பின்னேரம் பிஸ்கட்காரருக்குக் குடுத்த காசு இதுக்குள்ள வருதா?"

"அது போன காசுதானே தங்கச்சி. இல்லாத காசை எப்பிடி எண்ணுறது?"

"வேற என்ன போனது இண்டைக்கு?"

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ரெப்புக்கு 18,500. சீட்டுக் காசு 2,000. வீட்டுக்கு மீன் வாங்க 1,800. மொத்தக் கடையிலிருந்து சீனி மூட்டை ஏற்றி வந்த ஓட்டோவுக்கு 500. கடன் கொப்பியைத் திறந்து காட்டினார்: அன்று பழைய கடன்காரர் நாலு பேர் கொடுத்தது 7,400, அன்று புதிதாகக் கடனுக்குப் போனது 6,150. நான் முட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டேன்.

காலையில் லாச்சியில் 10,000 இருந்தது. இரவு 46,300. நடுவில் வெளியே போனது 22,800. அதைத் திரும்பக் கூட்டினால் அன்று லாச்சிக்குள் வந்த காசு 59,100. அதில் 7,400 பழைய கடன். அந்தச் சாமான் போன மாதமே விற்றாயிற்று, இன்றைய வியாபாரம் அல்ல. கழித்தால் காசுக்கு விற்றது 51,700. கடனுக்குப் போன 6,150ஐச் சேர்த்தால் அன்றைய உண்மையான வியாபாரம் 57,850 ரூபா. கொப்பியில் இருப்பது 36,300.

நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைக்கும் கடைகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். கொப்பியில் "வியாபாரம்" என்று எழுதப்படுவது வியாபாரம் அல்ல, மிச்சம். மனிதர் தவறாமல் எழுதுகிறார், கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் இரவு லாச்சியில் மிஞ்சியதைத்தான் விற்பனை என்று எழுதுகிறார். ரெப்புக்குக் காசு கொடுக்கும் நாளில் வியாபாரம் விழுந்த மாதிரி இருக்கும், கடன்காரர் கொண்டுவந்து கொடுக்கும் நாளில் ஏறின மாதிரி இருக்கும். மாதக் கடைசியில் கொள்வனவுச் சிட்டைகளைக் கூட்டிப் பார்த்தால் விற்றதைவிட வாங்கியது கூட. அப்போது ஒரு சந்தேகம் வரும், அது பெரும்பாலும் கடையில் நிற்கிற பெடியன் மேல்தான் போய் விழும்.

அன்றிரவே புதுக் கடிதம் எழுதினேன். இந்த முறை கையால், ஒரே பக்கம்.

"அண்ணாவுக்கு வணக்கம்.

செவ்வாய் இரவு முட்டை வாங்க வந்தபோது நீங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைய வியாபாரம் 36,300 என்று கொப்பியில் எழுதினீர்கள். நீங்கள் சொன்ன காசுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது 57,850 வருகிறது. எப்படி என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நீங்களும் ஒருக்கால் கூட்டிப் பாருங்கள்.

நான் கணக்கு எழுதுகிறவள். ஹோட்டலில் ஆறு வருடம் அந்த வேலைதான் செய்தேன். உங்கள் கடைக் கணக்கையும் ஒரு மாதம் பார்த்துத் தர விரும்புகிறேன்.

உங்கள் கொப்பிகள் கடையிலேயே இருக்கும். நான் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டேன். கொம்பியூட்டர் வாங்கச் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதுகிற விதத்தையும் மாற்றவேண்டாம். லாச்சியிலிருந்து எதற்குக் காசு எடுத்தாலும் ஒரு துண்டில் எழுதி லாச்சிக்குள்ளேயே போடுங்கள். நீங்கள் புதிதாகச் செய்யவேண்டியது அது ஒன்றுதான்.

கிழமையில் இரண்டு நாள் மத்தியானம் இரண்டரைக்கு வருவேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கமாட்டேன். மாதக் கடைசியில் ஒரு தாள் தருவேன். அதில் மூன்று விஷயம் இருக்கும்: மாதத்தில் உண்மையாக எவ்வளவு விற்றது, யார் யார் எவ்வளவு தரவேண்டும், நீங்கள் கொடுத்த செக் எந்தெந்தத் திகதியில் பாங்குக்கு வரும். லாபம் எவ்வளவு என்று முதல் மாதத்தில் சொல்ல முடியாது. அதற்குக் கடையில் இருக்கிற சாமானை எண்ண வேண்டும்.

உங்கள் கணக்கை நீங்கள் சொல்லாமல் ஒருவருக்கும் காட்டமாட்டேன். இரண்டு விதமாகக் கணக்கு எழுதச் சொன்னால் அது மட்டும் என்னால் முடியாது. நான் ஓடிட்டர் இல்லை. ஓடிட்டர் கையெழுத்துத் தேவைப்படுகிற நாள் வந்தால், அவரிடம் அப்படியே கொடுக்கக்கூடிய மாதிரிக் கணக்கு இருக்கும்.

ஒரு மாதத்துக்கு 6,000 ரூபா. தாளைப் பார்த்த பிறகு தந்தால் போதும். பிடிக்காவிட்டால் அத்தோடு விடலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து கேட்கிறேன்."

பின்பக்கத்தை வேண்டுமென்றே நிரப்பினேன், சொல்லிவிடுகிறேன்.

தபாலிலோ பெடியனிடமோ கொடுக்காமல், ஒட்டிய உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். உள்ளே அவருடைய வியாபாரத் தொகை இருக்கிறது, அது வேறு ஆள் கண்ணில் படக்கூடாது. கொடுத்த நேரமும் முக்கியம். காலையில் பாண், பால்மா வாங்குகிற கூட்டம். பத்து மணிக்கு மேல் வான்கள் வரத் தொடங்கும். பின்னேரம் திரும்பக் கூட்டம். சாப்பிட்டு முடித்து, விசிறியைப் போட்டுக் கதிரையில் சாய்கிற இரண்டு, இரண்டரை மணிதான் எங்கள் ஊரில் ஒரு கடை முதலாளி எதையாவது வாசிக்கிற நேரம். "தேவைப்பட்டால் அழைக்கவும்" என்று எழுதாமல் நானே வருகிறேன் என்று நாள் குறித்ததற்குக் காரணம், முதல் கடிதத்தின் தொலைபேசி இலக்கத்துக்கு நடந்ததுதான்.

வெள்ளிக்கிழமை போனேன். கடிதம் மேசையில் விரித்திருந்தது. பின்பக்கத்துக் கணக்கின் ஓரத்தில் அவர் பேனையால் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்திருந்தார்.

"கணக்குச் சரி. ஆனா ஒண்டு கேக்கட்டே? இந்தப் பெரிய தொகையை எழுதி வைச்சா வரிக்காரன் வரமாட்டானா?"

இந்தக் கேள்வி வராத கடை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அதற்கு நான் தயாராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வருமான வரி விற்பனைக்கு இல்லை, லாபத்துக்குத்தான் என்பதைச் சொன்னேன். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; 2025 ஏப்ரலில் இருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை வருமானத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் வருவதற்குத்தான். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொன்னேன்: சாமான் வாங்கிய சிட்டை இல்லாவிட்டால் வாங்கிய செலவைக் காட்ட வழி இல்லை. யாராவது வந்து கேட்டால் விற்றது மட்டும் தெரியும், வாங்கியது தெரியாது. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு கம்பியில் சிட்டைகள் குத்தித் தொங்கின. எழுந்துபோய் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தேன். ரெப்மார் கையில் கொண்டுவருகிற சின்ன மெசினில் அடித்தது. நாலு மாதம்தான் ஆகிறது, தொகை மங்கிப் பாதி வெள்ளையாகிவிட்டது. அந்த வகைத் தாளில் மை இல்லை, சூட்டில் எழுத்து வருகிற தாள். எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தொங்கினால் எழுத்து நிற்காது. வாங்கிய அன்றே போனில் படம் எடுக்க வேண்டும், அல்லது தொகையையும் திகதியையும் பேனையால் அதன் மேலேயே எழுதவேண்டும்.

"சரி, ஒரு மாதம் பாப்பம்," என்றார்.

முதல் கிழமை மோசம். துண்டு எழுதுவது என்று முடிவானது. அதற்காக ஒரு காலி டொபிப் பெட்டியின் மூடியை லாச்சியின் மூலையில் வைத்தேன். நான் போகிற செவ்வாயும் வெள்ளியும் துண்டுகள் இருந்தன. மற்ற நாட்களில் ஒன்றிரண்டு. காலைக் காசு, உள்ளே வந்தது, வெளியே போனது, இரவுக் காசு என்று போட்டுப் பார்த்தால் கடன் கொப்பிக்கும் லாச்சிக்கும் ஒத்துவரவில்லை. ஒரு நாள் கடன்காரர் கொடுத்ததாகக் கொப்பியில் வெட்டியிருந்தது 9,200; ஆனால் அன்று முழுக்க லாச்சிக்குள் வந்த காசே அவ்வளவு இல்லை. மற்ற விற்பனைக் காசு எங்கே?

அண்ணா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் சொல்லேல்லையா. பெடியன்தான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, கணக்கு எழுதுகிறவள் ஆளைக் காட்டப் புறப்பட்டால் அந்தக் கடையில் அவளுக்கு வேலை முடிந்தது. எந்த நாட்களில் காசு குறைகிறது என்று மட்டும் குறித்தேன். புதன், வியாழன், ஞாயிறு. எல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. அந்த நாட்களில் அந்த நேரத்தில் அண்ணா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுப்பார். லாச்சியில் இருப்பது அவர் மனைவி.

அக்காவிடம் சும்மா கதைத்தபோது தெரிந்தது. மகளின் ரியூசன் காசு, காஸ் சிலிண்டர், ஒரு நாள் மகளிர் சங்கத்துக் கடன் தவணை, எல்லாம் அவர் அந்த நேரத்தில் லாச்சியிலிருந்துதான் எடுக்கிறார். மறைத்து எடுக்கவில்லை. அவருடைய கடையும்தானே அது. துண்டு எழுத வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"கடிதம் வந்தது எண்டார். அண்ணாவுக்கு வணக்கம் எண்டு இருந்தது. எனக்கு எண்டு இருக்கேல்லையே," என்றார் சிரித்துக்கொண்டு.

இது என் பிழை. கடைக்கு ஒரு முதலாளி என்று நினைத்து எழுதிவிட்டேன். எங்கள் ஊரின் குடும்பக் கடைகளில் லாச்சிக்குள் எத்தனை கை போகிறதோ அத்தனை பேருக்கும் கடிதம் போகவேண்டும். அன்று முதல் அக்காவுக்குத் தனியாக ஒரு சின்னக் கொப்பி. அதில் "வீடு" என்று மட்டும் தலைப்புப் போட்டுக் கொடுத்தேன். என்ன செலவு என்று எழுதத் தேவையில்லை, திகதியும் தொகையும் போதும். வீட்டுக்கு எடுப்பது கடையின் செலவு அல்ல, முதலாளி எடுத்துக்கொள்வது. அது வேறாக நிற்கவேண்டும் என்பதுதான் விஷயம். மீனா காஸா என்று விசாரிக்கத் தொடங்கினால் அக்கா கொப்பியை மூடிவிடுவார், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாம் கிழமையிலிருந்து லாச்சி நூறு, இருநூறு ரூபா வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. அந்த அளவு சில்லறைக் கொடுக்கல் வாங்கலில் வரத்தான் செய்யும். ஒவ்வொரு நாளும் சதம் பிசகாமல் ஒத்துவந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்; யாரோ கணக்கைப் பார்த்துக் காசை எழுதுகிறார்கள் என்று அர்த்தம். பெடியன் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

கடன் கொப்பிதான் நேரத்தைத் தின்றது. "நீலக் கேற் அக்கா", "ஆசுபத்திரி அண்ணன்", "சல்லி மாமா", இப்படி ஐம்பதுக்கு மேல் பெயர்கள். சல்லி மாமா இரண்டு பேர் என்பது மூன்றாம் கிழமைதான் தெரிந்தது. இரண்டு பேருடைய கடனையும் நான் ஒன்றாகக் கூட்டி வைத்திருந்தேன். பெயரை மாற்றவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் மட்டும் போட்டேன், அதே இலக்கத்தை என் தாளிலும். பழைய பெயரை எடுத்துவிட்டு உண்மைப் பெயரை எழுதினால் இரவு எட்டரை மணிக்குக் களைத்த மனிதருக்கு அது யார் என்று விளங்காது.

மாதக் கடைசித் தாளில் அவர் நெடுநேரம் பார்த்தது வியாபாரத் தொகையை அல்ல, செக் பட்டியலை. பிந்திய திகதி போட்டுக் கொடுத்த செக்குகளை அவர் சுவரில் தொங்குகிற கலண்டரில்தான் குறித்து வைப்பார். தாள் கிழிக்கிற கலண்டர். அடுத்த மாதத்துத் தாளில் குறித்தது அந்த நாள் வரும்வரை கண்ணில் படாது. நான் திகதி வரிசையில் எழுதிக் கொடுத்தபோதுதான் ஒரே கிழமைக்குள் மூன்று செக் விழுவது தெரிந்தது. ஒரு ரெப்புடன் கதைத்து ஒன்றைப் பத்து நாள் தள்ளிப் போட்டார். 6,000 ரூபாவை அன்றே எண்ணித் தந்தார். லாச்சியிலிருந்துதான், துண்டு எழுதிவிட்டு.

லாபம் தெரியவேண்டும் என்று பிறகு அவரே கேட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நான், அக்கா, பெடியன் மூன்று பேரும் சாமான் எண்ணினோம். விற்கிற விலைக்கு அல்ல, வாங்கின விலைக்கு. அண்ணாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை, விற்கிற விலைக்குப் போட்டால் தொகை பெரிதாக வரும். இன்னும் விற்காத சாமானுக்கு லாபம் எப்படி வரும் என்று கேட்டேன். விட்டுக்கொடுத்தார். மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணினால்தான் நடுவில் என்ன நடந்தது என்று சொல்லலாம். முதல் கடிதத்தில் "இலாப நட்டக் கணக்கு" என்று நான் அடித்துவிட்டது எவ்வளவு பெரிய வாய்ப்பேச்சு என்பது அன்று அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து நின்றபோதுதான் உறைத்தது.

போன மாதம் அண்ணா தன் மச்சானுடைய ஹாட்வெயார் கடைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். என்ன எழுதவேண்டும் என்று அவரே சொல்லத் தொடங்கினார்.

"முதல்ல கொப்பிய எடுக்கமாட்டன் எண்டு எழுதுங்க. அதுதான் அவனுக்குப் பயம்."

அப்படியே எழுதினேன், மச்சானுக்கும் அவர் மனைவிக்கும் பெயர் போட்டு. பின்பக்கத்தில் எழுத மட்டும் ஒன்றும் இல்லை. அந்தக் கடையில் ஒரு நாள் இரவு நின்று பார்க்காமல் எந்தக் கணக்கை எழுதுவது? ஹாட்வெயாரில் கடன் பெரிது, மேசன்மார் வேலை முடிந்துதான் காசு தருவார்கள், லாச்சியைப் பார்த்துப் பாதிதான் பிடிபடும். பின்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுக் கொடுத்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை ஒரு பூட்டு வாங்க அந்தக் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் சிட்டைக் கம்பியில், சீமெந்துச் சிட்டைகளுக்கு நடுவில், என் கடிதமும் குத்தியிருந்தது. பின்பக்கத்தில் ஏதோ கூட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன், தூரம், இலக்கம் தெரியவில்லை.